முழம் குறைந்த நூல்

என் ஓரகத்தியின் பெயரைச் சொல்லி எங்கள் தெருவில் கேட்டால் யாருக்கும் தெரியாது. "ரசமட்டம் வீடு எது?" என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். என் கணவரின் அண்ணனைக் கட்டிக்கொண்டு எனக்குப் பதினோரு வருஷம் முன்னால் இந்த வீட்டுக்கு வந்தவள். இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவள் தும்மினால் இந்தப் பக்கம் எனக்குத் தூக்கம் போய்விடும்.

அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்தது கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போன காலத்தில். கொத்தனார் சாப்பிட உட்கார்ந்தால் இவள் அவருடைய ரசமட்டத்தை எடுத்துக் கண்ணில் பட்டதன் மேலெல்லாம் வைத்துப் பார்ப்பாளாம். கண்ணாடிக் குழலுக்குள் இருக்கிற குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் மேடு. கொத்தனாரின் சாப்பாட்டுத் தூக்குமேல் வைத்துவிட்டு, "அண்ணே, உங்க தூக்கு கோணல்" என்றிருக்கிறாள். அவர் அன்றைக்குச் சாப்பிட்டாரா இல்லையா என்று தெரியாது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பிறகு மண் அரிப்பைத் தடுக்கிற திட்டத்துக்காரர்கள் வந்து மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். முப்பது பேர் போனோம். இருபத்தெட்டு பேர் போனது கொடுத்த பைக்காக. நான் போனது அக்கா, ஓரகத்தியை அப்படித்தான் கூப்பிடுவேன், இழுத்துக்கொண்டு போனதால். ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வந்தது அவள் ஒருத்திதான். அன்றிலிருந்து சரிவான நிலங்களில் சம உயர வரப்புக்குக் கோடு போடுவது எங்கள் பிழைப்பு. நாங்கள் மூன்று பேர். நான் முன்கோல். பின்கோல் பிடிப்பது டேப்பு. இடுப்பில் எப்போதும் அளவு நாடா செருகியிருக்கும் மனிதர், அதனால் அந்தப் பெயர். நடுவில் குமிழி பார்ப்பது அக்கா. வேறு யாரையும் பார்க்க விடமாட்டாள்.

வேலை எளிமையானதுதான். ஒரே உயரமுள்ள இரண்டு கோல், இரண்டிலும் சென்டிமீட்டர் கோடு. நடுவில் பத்து மீட்டர் நைலான் நூல். நூலின் சரிபாதியில் சிவப்பு நூல் கட்டிய அடையாளம், அங்கே விரல் நீளத்துக்கு ஒரு சின்ன ரசமட்டம் இரண்டு கொக்கியில் தொங்கும். இரண்டு கோலிலும் நூல் ஒரே அளவில் கட்டியிருக்க வேண்டும். பின்கோல் அசையாமல் நிற்கும். முன்கோலைப் பிடித்தவள் சரிவில் மேலும் கீழும் நகர வேண்டும். "மேல ஏறு, இன்னும் கொஞ்சம், போதும் போதும், இறங்கு" என்று அக்கா கத்துவாள். குமிழி நடுவில் நின்றால் இரண்டு கோலும் நிற்கிற தரை ஒரே மட்டம். நான் நிற்கிற இடத்தில் ஒரு முளை. பின்கோல் அந்த முளைக்கு வரும், நான் அடுத்த பத்து மீட்டர் போவேன். இப்படி முளைமுளையாகப் போட்டு, அந்தக் கோட்டில் மண்ணை அணைத்தால் வரப்பு. மழைத் தண்ணீர் எந்தப் பக்கமும் ஓட வழியில்லாமல் வரப்பு நெடுக ஒரே ஆழத்தில் நின்று மண்ணுக்குள் இறங்கும்.

இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதில் ஒரு தப்பு நடந்தது. செய்தவள் நான்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால் போஸ்ட்மாஸ்டரின் நிலம். ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகியும் அவர் போஸ்ட்மாஸ்டர்தான். ஐந்து ஏக்கர், ஒரே சரிவு. அகலம் இருநூறு மீட்டர், மேலிருந்து கீழே நூறு மீட்டர். மேலிருந்து பார்த்தால் வலது பக்கக் கீழ்மூலைக்கு நேர் கீழே எங்கள் இரண்டு வீட்டின் பின்சுவர். மண்சுவர், மேலே சிமென்ட் பூச்சு. இரண்டு பெருமழைக்கு அந்த நிலத்துத் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வந்து போயிருக்கிறது. இரண்டாவது முறை அக்கா பக்கத்துச் சுவர் அரை ஆள் உயரத்துக்குப் பிளந்தது. அப்போது மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, உடம்பு நன்றாக இருந்தது. அவரே மண் குழைத்துச் சுவரை அடைத்தார்.

இப்போது மாமாவுக்கு வலது கை, வலது கால் இரண்டும் வேலை செய்யாது. பக்கவாதம் வந்து பதினான்கு மாதம். ஆள் தாட்டியான உடம்பு. கட்டிலிலிருந்து அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்க மூன்று பேர் வேண்டும். கட்டில் கிடப்பதோ அந்தச் சுவரை ஒட்டி. வீட்டில் அது ஒன்றுதான் கட்டில் நுழைகிற இடம்.

ஆகவே அக்கா ஒரு வருஷம் போஸ்ட்மாஸ்டரின் பின்னால் அலைந்தாள். "வரப்பு போட்டா உங்க மண்ணு உங்களுக்கு, என் சுவர் எனக்கு" என்றாள். கடைசியில் அவர் சம்மதித்தார். எத்தனையோ பேர் நிலத்துக்குக் கோடு போட்டவள், அந்த நிலத்தில் போட்ட அளவு கவனமாக எங்கேயும் போட்டதில்லை. நூறுக்கு நாலு சரிவு. ஒரு மீட்டர் இறக்கத்துக்கு ஒரு வரப்பு என்று முடிவு செய்தாள், மொத்தம் நாலு. இடது ஓரத்தில் மேலிருந்து கீழே இறங்கி அளந்தோம். முதல் பத்து மீட்டரில் நாற்பது சென்டிமீட்டர் இறக்கம், அடுத்த பத்தில் இன்னொரு நாற்பது. மிச்சம் இருபது. என் கோலில் நூலை இருபது சென்டிமீட்டர் மேலே ஏற்றிக் கட்டச் சொன்னாள். நூல் முழுக்க விறைப்பாக இருக்கும்படி நான் சரிவின் குறுக்காக நகர்ந்து நகர்ந்து, குமிழி நடுவுக்கு வந்த இடத்தில் நின்றேன். அந்த இடம் உச்சியிலிருந்து சரியாக ஒரு மீட்டர் கீழே. அங்கே தொடங்கிற்று முதல் கோடு. நாலு கோடும் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு. ஒவ்வொன்றுக்கும் இருபது முளை.

வரப்பு அறுபது சென்டிமீட்டர் உயரம். இடது முனையில், மிச்சத் தண்ணீர் வழிந்து புல் வளர்த்த வாய்க்காலில் விழ, கல் அடுக்கிய கலிங்கு. அதன் உயரம் முப்பது. தண்ணீர் முப்பதுக்கு மேல் ஏறினால் அந்த வழியாகப் போய்விடும். வலது முனை எங்கள் வீட்டுப் பக்கம் என்பதால் அங்கே வழியே கிடையாது, வரப்பை மேட்டுப் பக்கம் திருப்பி மூடிவிட்டோம். வியாழக்கிழமை கடைசி மண்ணும் விழுந்தது. அக்கா அன்று ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு முணுமுணுத்தாள். அவள் பாட்டுக் கேட்டு நான் பயந்தே போனேன், அவ்வளவு அபூர்வம்.

சனிக்கிழமை காலை சாமான்களை எடுத்து வைக்க உட்கார்ந்தேன். நூலைச் சுற்றுவதற்கு முன்னால் சிவப்பு அடையாளத்தில் மடித்து, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தேன். சேரவில்லை. டேப்பு பக்கத்து முனை, கிட்டத்தட்ட ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

போஸ்ட்மாஸ்டர் நிலத்தில் வேலை தொடங்குவதற்கு முதல் நாள், என் கோலில் கட்டியிருந்த முனை நைந்து நார்நாராக இருந்தது. அறுந்துவிடப் போகிறதே என்று நைந்ததை வெட்டி எறிந்துவிட்டு நல்ல இடத்தில் முடிச்சுப் போட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் "நூலை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதா" என்று அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். முடிச்சு நன்றாக விழுந்ததில் எனக்கு ஒரு பெருமை வேறு. சிவப்பு அடையாளத்தை நகர்த்த வேண்டும் என்பது தோன்றவே இல்லை.

நூலை எவ்வளவு இழுத்தாலும் நடுவில் கொஞ்சம் தொய்யும். சரிபாதியில் மட்டம் தொங்கினால் இரண்டு பக்கத் தொய்வும் சமம், குமிழி உண்மை சொல்லும். பாதியை விட்டு என் பக்கம் தள்ளித் தொங்கினால், அந்த இடத்தில் நூல் என் பக்கமாக மேலேறிக்கொண்டிருக்கும். குமிழி என் பக்கம் ஓடும். அதை நடுவுக்குக் கொண்டுவர அக்கா என்னை "இறங்கு" என்பாள். ஒவ்வொரு முளைக்கும் ஒரு விரல்கூட இல்லை, ஒரு சென்டிமீட்டர் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரே திசையில் இருபது முறை போயிருக்கிறோம். தினமும் காலையில் அக்கா மட்டத்தைத் திருப்பி மாட்டிக் குமிழி சரியா என்று சோதிப்பாள். மட்டம் சரியாகத்தான் இருந்தது. நூலைத்தான் யாரும் சோதிக்கவில்லை. இடுப்பில் நாடாவோடு அலைகிற டேப்புகூட.

அப்படியென்றால் நாலு வரப்பும் எங்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்து கிடக்கின்றன. இடது பக்கக் கலிங்கு வழியும் முன்னால், வலது மூலையில் தண்ணீர் அதைவிட ஒரு சாண் கூடுதலாக ஏறி நிற்கும். முன்பெல்லாம் அந்த நிலத்துத் தண்ணீர் பரவலாக வழிந்து வந்தது. இனி நாங்களே வாய்க்கால் வெட்டி, சேர்த்து, மாமாவின் தலைமாட்டுக்கு அனுப்பியது மாதிரி ஆகிவிடும்.

ரேடியோவில் சாயங்காலம் கனமழை என்றார்கள். நான் நூலைச் சுற்றி அலமாரியின் மேல் வைத்துவிட்டு, பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன். என் கணவர் லாரியோடு வெளியூரில். போனில் கூப்பிட்டு, "மழை எப்படி?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். மழை வராமல் போகலாம், கொஞ்சமாக வரலாம், வரப்பு தாங்கலாம் என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன். பதினோரு மணிக்கு மேற்கே வானம் கறுத்தது. இதற்கு மேல் மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றிய பிறகுதான் கால் அந்த வீட்டுப் பக்கம் நகர்ந்தது.

அக்கா மாமாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள். அவருடைய கோணிய வாயின் பக்கம் தோலை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, அவ்வளவு மெதுவாக.

"அக்கா, நூல்ல ஒரு முழம் குறையுது" என்றேன்.

"எந்த நூல்ல?"

"மட்டம் பாக்குற நூல்ல. என் பக்கம். நான்தான் வெட்டிக் கட்டினேன். இங்க கோடு போடறதுக்கு முதல் நாள்."

கத்தி நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். பிறகு மாமாவின் மிச்சக் கன்னத்தை வழித்துத் துடைத்து, கத்தியைக் கழுவி வைத்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"டேப்பைக் கூப்பிடு. கடப்பாரை ரெண்டு எடுத்துக்கோ" என்றாள்.

நிலத்துக்குப் போனதும் நூலை மறுபடி மடித்துச் சரிபாதி பார்த்து, பழைய சிவப்பைப் பிய்த்தெறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டினாள். முதல் வரப்பை அதன் மேட்டுப் பக்க அடியோரமாக, இடது முனையிலிருந்து அளக்கத் தொடங்கினோம். இந்த முறை ஒவ்வொரு அளவுக்கும் பின்கோல் முன்கோலைத் தாண்டிப் போக வேண்டும் என்றாள். அப்படி முனைகள் மாறி மாறி வந்தால், மிச்சப் பிசகு ஏதாவது இருந்தாலும் ஒன்றை ஒன்று அடித்துவிடும். இதை முதலிலேயே செய்திருந்தால் என் முடிச்சு யாரையும் ஒன்றும் செய்திருக்காது. அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

ஒவ்வொரு அளவின் இறக்கத்தையும் டேப்பு சத்தமாகச் சொன்னார். ஒன்று. ஒன்று. முக்கால். ஒன்று. வலது முனைக்கு வந்தபோது கூட்டிப் பார்த்தால் பத்தொன்பதரை.

"இருபதுன்னு வெச்சுக்க. வரப்பைத் தூக்க முடியாது. கலிங்கை இறக்கலாம்" என்றாள் அக்கா. "அங்க முப்பதை பத்தாக்கினா இங்க அம்பது முப்பதாயிடும்."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. இடது பக்கக் கலிங்கில் இருபது சென்டிமீட்டர் கல்லைப் பிடுங்கிவிட்டால், தண்ணீர் அங்கே பத்து ஏறியதுமே வழிய ஆரம்பிக்கும். வலது மூலையில் முப்பதோடு நின்றுவிடும். எங்கள் வரப்புக்கு முப்பது ஒன்றும் பாரமில்லை. நாலு வரப்பையும் அளந்துவிட்டுப் பிடுங்குவதுதான் முறை. அப்போது முதல் இடி விழுந்தது, மற்ற மூன்றையும் அளக்க நேரமில்லை.

மேல் வரப்பு உடைந்தால் கீழே இருக்கிற மூன்றையும் அடித்துக்கொண்டு வரும் என்பதால் மேலிருந்துதான் தொடங்கியாக வேண்டும். கல்லில் கடப்பாரை விழுகிற சத்தம் கேட்டுக் குடையோடு போஸ்ட்மாஸ்டர் வந்தார்.

"என்ன பண்றே நீ? தண்ணியை நிறுத்தத்தான் இவ்வளவும் செஞ்சேன். வாயைத் திறந்து விடறியே!"

"கோடு தப்பாப் போச்சு சார். வலது பக்கம் இருபது இறங்கியிருக்கு. குமிழி பாத்தவ நான்தான். மழை விட்டதும் என் செலவுல மறுபடி கட்டித் தர்றேன். இப்ப தள்ளி நில்லுங்க, கல்லு கால்ல விழும்."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன். போஸ்ட்மாஸ்டர் கீழே எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்தார். அவருக்கும் அந்தக் கட்டில் தெரியும், வாரம் ஒருமுறை வந்து மாமாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறவர். குடையை மடக்கி வைத்துவிட்டுப் பிடுங்கின கல்லை ஓரமாக எடுத்துப் போட ஆரம்பித்தார்.

இரண்டாவது கலிங்கை முடிக்கும்போது மழை பிடித்தது. தூறலாகத் தொடங்கவே இல்லை, எடுத்த எடுப்பில் கொட்டியது. அக்கா டேப்பையும் போஸ்ட்மாஸ்டரையும் மூன்றாவதுக்கு அனுப்பினாள். நாலாவது, எங்கள் வீட்டுக்கு மேலே கிடக்கிற வரப்பு. அதன் கலிங்கு வீட்டிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி, மறு ஓரத்தில்.

"நீ வீட்டுக்குப் போ" என்றாள்.

"நான் தனியா எப்படி அவரைத் தூக்க?"

"தூக்க வேணாம். மூணு பேரும் அங்க வந்தா இங்க கல்லு பிடுங்க ஆளில்ல. பக்கத்துல உட்காரு. அது போதும்."

"அப்ப நீ?"

கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு எதிர்த் திசையில் நடந்தாள். மழையில் அவள் முதுகு சீக்கிரமே மறைந்துவிட்டது. புருஷன் சுவருக்கு அடியில் கிடக்கிறான், இவள் கல் பிடுங்கப் போகிறாளே என்று, தப்புச் செய்தவள் நான் என்பதையே மறந்து, எனக்கு அவள்மேல் கோபம் வந்தது.

மாமா விழித்துத்தான் இருந்தார். சவரத்தில் துடைக்க விட்டுப்போன நுரை காதோரம் காய்ந்திருந்தது. பேச்சு அவருக்கு இழுத்து இழுத்துத்தான் வரும்.

"அவ எங்க?"

"கலிங்குக்கிட்ட."

"சரி" என்றார். பிறகு, "மேல போய்ப் பாரும்மா, எவ்வளவு நிக்குதுன்னு."

பின்வாசலைத் திறந்து சரிவில் ஏறினேன். வலது மூலையில் வரப்புக்குப் பின்னால் செங்காவித் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. வரப்பின் தலைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண். ஓடி வந்து சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். சுவரில் கை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. கட்டிலின் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். இரண்டு அங்குலம் நகர்ந்தது, அதற்கு மேல் கதவு நிலை தடுத்தது.

"விடும்மா" என்றார்.

"மாமா, இந்தத் தப்பு நான் பண்ணினது."

"தெரியும். சவரத்தப்பவே கேட்டேனே."

மறுபடி ஏறினேன். நாலு விரல். சாணாக இருந்தது நாலு விரலாகிவிட்டது. இருபது இறக்கினால் போதும் என்ற கணக்குப்படி இவ்வளவு ஏறவே கூடாது. கலிங்கை அவள் இன்னும் இறக்கவில்லையா, கல் அசையவில்லையா, வழியில் விழுந்துவிட்டாளா? இருநூறு மீட்டர் தள்ளி மழைத்திரையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "அக்கா!" என்று கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. குனிந்து ஒரு குச்சியை ஒடித்துத் தண்ணீர் விளிம்பில் குத்தி வைத்தேன். கையால் சேற்றை அள்ளி வரப்பின் தலையில் அப்பினேன். அப்பியது கரைந்து போயிற்று. மறுபடி அப்பினேன். தண்ணீர் குச்சியைத் தாண்டியது. மூன்று விரல். புதுமண், ஒரு இடத்தில் ஒரு கயிறு அகலத்துக்கு வழிந்தால் போதும், மொத்தமும் பிய்த்துக்கொண்டு போய்விடும். நான் அப்படியே வரப்பின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். என் உடம்பால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. ஆனாலும் படுத்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. குச்சியின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் அதற்கு மேல் ஏறவில்லை. மூன்று விரலோடு நின்றது. பெய்கிற மழை பெய்துகொண்டே இருந்தது, தண்ணீர் மட்டும் நின்றது. வருகிறதெல்லாம் அந்தப் பக்கம் வழிகிறது என்று அர்த்தம். சரிவில் சறுக்கி விழுந்து, எழுந்து, உள்ளே ஓடிப்போய், "நின்னுடுச்சு மாமா" என்றேன். அவர் இடது கையால் என் ஈரத்தலையில் தட்டினார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மழை விட்ட பிறகுதான் அக்கா வந்தாள். இரண்டு உள்ளங்கையும் கிழிந்திருந்தன. உள்ளே போகாமல் பின்வாசல் படியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. நானே வாயில் ஊற்றினேன்.

"எவ்வளவு நின்னுச்சு?"

"மூணு விரல்."

அவள் முகம் வெளுத்துப் போயிற்று. சரிவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாலாவதை நான் அளக்கவே இல்லடி" என்றாள். உள்ளே கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டாள். "அந்தக் கோடு போட்ட அன்னிக்கு நல்ல காத்து. நூல் இன்னும் தொய்ஞ்சுதான் இருந்திருக்கும். இருபதுக்கு மேலதான் இறங்கியிருக்கும்னு போகும்போதே எனக்குத் தெரியும். எவ்வளவு மேலன்னு தெரியாது. ரெண்டு அடுக்கு பிடுங்கினேன். அடிக்கல் அசையல. அதுக்குமேல என்னால முடியல. அங்கேயே நின்னேன். ஓடி வந்திருக்கலாம் இங்க. வரலை. வந்து பாக்க தைரியமில்லாமத்தான் அங்க நின்னேன், கல்லுக்காக இல்ல."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவர்கிட்ட சொல்லிடாதே. அவர் நான் கணக்குத் தெரிஞ்சு போனேன்னு நெனச்சிட்டுத்தான் படுத்திருந்திருப்பார்."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமாவின் குரல் இழுத்து இழுத்து வந்தது.

"கை கால்தான்... போச்சு. காது... நல்லாத்தான் இருக்கு."

அக்கா கதவுப் பக்கம் திரும்பினாள்.

"நீ திரும்பி ஓடி வரலைன்னதும்... எனக்கும் பயம்தான்" என்றது குரல். "அந்தப் பொண்ணு அழுவாளேன்னு... சொல்லல. உள்ள வா."

அக்கா எழுந்து, கிழிந்த கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.